காற்றுச் சத்தத்துக்கு ஒரு டிக்

போன வருடம் முதலாண்டு நர்சிங் மாணவிகளுக்கு நடந்த செய்முறைத் தேர்வில் ஒரு பெண் 30-க்கு 27 வாங்கினாள். அவளுக்கு வந்தது ரைல்ஸ் டியூப், அதாவது மூக்கு வழியாக இரைப்பைக்கு இறக்கும் குழாயைப் போடும் ப்ரொசீஜர். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. டம்மியிடம் பெயர் கேட்டாள், கைப்பட்டையைப் பார்த்தாள், ட்ரேயில் எல்லாவற்றையும் எட்டும் தூரத்தில் அடுக்கிக்கொண்டாள். குழாய் உள்ளே போனதும் சிரிஞ்சில் 10 மி.லி. காற்றை இழுத்துக் குழாய் வழியாக வேகமாகத் தள்ளி, மேல்வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். "சவுண்ட் கேக்குது மேம். டியூப் ஸ்டமக்லதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஃபீட் டம்ளரை எடுத்து நிதானமாக ஊற்றினாள். என் கையிலிருந்த தாளில் 'குழாய் இரைப்பையில் இருப்பதை உறுதிசெய்தார்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேராக டிக் போட்டேன்.

அடுத்த மாணவிக்காக டம்மியைத் தயார்செய்ய மார்பு மூடியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். குழாய் மூச்சுக்குழல் பக்கம் போயிருந்தது. ஊற்றிய பால்தண்ணீர் முழுக்க வலது நுரையீரல் பையில் தேங்கி நின்றது. அந்தப் பையைக் கழற்றி வாஷ்பேசினில் கவிழ்த்தேன். கைக்குள் அடங்குகிற சின்னப் பை அது. அன்று சாயங்காலம் பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டிக்காக நின்றபோதும் அந்தப் பைதான் கண்ணில் இருந்தது. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வகுப்பில் சொன்னதைத்தான் அவள் செய்தாள். தாளில் இருந்ததைத்தான் நான் டிக் செய்தேன். பால் நுரையீரலுக்குள் போயிருக்கிறது, மதிப்பெண் மட்டும் 27. அப்படியென்றால் தாளில்தான் ஏதோ கோளாறு. அந்தத் தாளை எழுதியவள் நான்.

முதல் தாள் எப்படி வந்தது

அதை எழுதிய விதம் இன்றும் நினைவிருக்கிறது. ஒரு மணி நேர லெக்சர் ஸ்லைடுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து 'செய்தார்' என்று முடித்து, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டேன். ஒரு மதியத்தில் வேலை முடிந்தது. நம் கல்லூரிகளில் பெரும்பாலான செக்லிஸ்ட் இப்படித்தான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். தேர்வு வாரத்துக்கு முந்தைய மதியத்தில், லெக்சரின் நிழலாக.

லெக்சர் என்பது காதுக்கு. எதற்காக, யாருக்கு, யாருக்குக் கூடாது, எப்படி என்று எல்லாவற்றையும் அது கலந்து சொல்லும். அதுதான் அதன் அழகும். செக்லிஸ்ட்டோ கண்ணுக்கு. இரண்டடி தள்ளி நிற்கும் ஒருவர் என்ன பார்த்தார், என்ன கேட்டார் என்பது மட்டும்தான் அதில் வர முடியும். என் பழைய தாளின் நான்காவது வரி இது: 'நோயாளிக்கு விளக்கி, மறைப்பு அளித்து, சரியான நிலையில் அமர்த்தினார்.' மூன்று வேலைகளுக்கு ஒரே கட்டம். மாணவி விளக்கிவிட்டாள், ஸ்க்ரீனை இழுக்க மறந்துவிட்டாள் என்றால் டிக் போடுவதா வேண்டாமா? நான் போடுவேன், பக்கத்துத் தேர்வு மேஜையில் இருப்பவர் போட மாட்டார். ஒன்பதாவது வரி இன்னும் மோசம்: 'மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவில் மூக்கு வழியே போடக்கூடாது என்பதை அறிந்திருந்தார்.' அறிந்திருப்பதை நான் எந்தக் கண்ணால் பார்ப்பது? அது வைவாவில் கேட்க வேண்டியது. அல்லது நோயாளியின் கேஸ் ஷீட்டில் அந்த முறிவை எழுதி வைத்து, குழாயை எடுக்கும் முன் மாணவி அதைப் படித்து நிறுத்துகிறாளா என்று பார்க்க வேண்டியது.

அதனால் இரண்டாம் முறை எழுதும்போது ஸ்லைடுகளை மூடி வைத்தேன். லேபில் ஒரு சக ஆசிரியையை நிஜமாகவே குழாய் போடச் சொல்லி, நான் பேனாவுடன் நின்று, அவர் கை செய்வதை மட்டும் எழுதினேன். அளவெடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். லெக்சரில் அது ஒரு வரிதான்: 'மூக்கு முதல் காது வரை, காது முதல் மார்பெலும்பின் கீழ்முனை வரை அளந்து குறியிடவும்.' கையில் அது நான்கு செயல். துளை உள்ள நுனியை மூக்கின் நுனியில் வைக்க வேண்டும். குழாயைத் தொங்கவிடாமல் காது மடலின் அடிவரை கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து மார்பெலும்பு முடியும் இடம் வரை இறக்க வேண்டும். அங்கே பிளாஸ்டர் ஒட்டி, எத்தனை செ.மீ. என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

மாணவிகள் தவறுவது எங்கே என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. சிலர் காதைத் தொடாமல் மூக்கிலிருந்து நேராக மார்புக்கு இறக்கிவிடுகிறார்கள். அளவு குறைந்து, குழாயின் நுனி உணவுக்குழலிலேயே நின்றுவிடும், ஊற்றுவது மேலேறி வர வாய்ப்புண்டு. சிலர் தொப்புள் வரை போய்விடுகிறார்கள். அப்போது நீளம் கூடி உள்ளே சுருண்டுகொள்ளும். இதற்கு நாங்கள் செய்தது எளிமையான காரியம். எங்கள் டம்மியை முன்கூட்டியே அளந்தோம், 52 செ.மீ. வந்தது. தாளில் 'சொன்ன அளவு 50-க்கும் 54-க்கும் இடையில்' என்று எழுதிவிட்டோம். இனி 'சரியாக அளந்தார்' என்ற வார்த்தைக்கு வேலையில்லை. எண்ணைக் கேட்டால் போதும்.

அந்த ஒரு 'அல்லது'

இப்படி வரி வரியாக வந்து, நான் டிக் போட்ட அந்த இடத்தில் நின்றுவிட்டேன். 'உறுதிசெய்தார்' என்றால் கை என்ன செய்கிறது? பதில் தேடி மறுபடி ஸ்லைடைத் திறந்தேன். அங்கே இப்படி இருந்தது: 'காற்றைச் செலுத்தி ஸ்டெதாஸ்கோப்பால் கேட்கலாம், அல்லது இரைப்பை நீரை உறிஞ்சிப் பார்க்கலாம், அல்லது எக்ஸ்-ரே.' மூன்றும் ஒரே தட்டில். இந்த ஸ்லைடை நானே ஏழெட்டு வருடமாகக் காட்டிவருகிறேன். ஒரு தடவைகூட அந்த 'அல்லது' என்னை உறுத்தவில்லை. லெக்சரில் 'அல்லது' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகலாம். செக்லிஸ்ட்டில் அப்படிக் கடக்க முடியாது. கட்டம் ஒன்றுதான், எதற்கு டிக் என்று முடிவெடுத்தே தீர வேண்டும்.

மூன்றும் சமம் இல்லை. காற்றைத் தள்ளும்போது கேட்கும் குபுகுபு சத்தம், குழாய் இரைப்பையில் இருந்தாலும் கேட்கும், உணவுக்குழலில் நின்றாலும் கேட்கும், மூச்சுக்குழல் கிளையில் இருந்தாலும் மேல்வயிறு வரை கடத்தப்பட்டுக் கேட்கும். மார்பும் வயிறும் ஒன்றையொன்று ஒட்டியவை. இடையில் இருக்கும் உதரவிதானம் சத்தத்தைத் தடுக்கும் சுவர் இல்லை. சத்தம் கேட்டது என்பதால் நமக்குத் தெரிவது, காற்று எங்கோ போனது என்பது மட்டும்தான். பிரிட்டனில் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2005-லேயே இந்த முறையை நம்பக்கூடாது என்று எச்சரிக்கை விட்டது. குழாயின் வெளிமுனையைத் தண்ணீரில் வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதையும் அதே பட்டியலில் சேர்த்தது. நீல லிட்மஸ் காகிதமும் போதாது. சிவந்தால் அமிலம் என்று மட்டும்தான் அது சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. நுரையீரல் பக்கத்திலிருந்து வரும் நீர்கூட லேசான அமிலமாக இருக்கலாம்.

நம்ப வேண்டியது, உறிஞ்சிய நீரை எண் காட்டும் பிஎச் கீற்றில் வைத்துப் பார்ப்பது. 1 முதல் 5.5 வரை இருந்தால் ஃபீட் தொடங்கலாம். அதற்கு மேல் காட்டினாலோ, நீரே வராவிட்டாலோ, எக்ஸ்-ரே. பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு, குழாய் சரியான இடத்தில் இருந்தாலும் எண் கூடுதலாகக் காட்டலாம். நம் வார்டுகளில் பாதிப் பேர் அந்த மருந்தில் இருப்பவர்கள்தான். அதனால் 'எண் கூடினால் குழாய் தவறு' என்றும் கற்றுக்கொடுக்க முடியாது. 'எண் கூடினால் இன்னும் தெரியவில்லை, தெரியும்வரை எதுவும் ஊற்றாதே' என்பதுதான் சொல்ல வேண்டியது.

இதை எங்கள் துறையில் சொன்னபோது, முப்பது வருடம் வார்டில் இருந்துவிட்டுக் கற்பிக்க வந்த ஒரு மூத்த சிஸ்டர் அமைதியாகக் கேட்டார்: "சத்தம் கேட்டா போதும்னுதாம்மா நாங்க படிச்சோம். வார்டுல இப்பவும் அதான் நடக்குது. பிஎச் ஸ்ட்ரிப் எந்த வார்டு ட்ராலில இருக்குன்னு நீ காட்டு பாக்கலாம்." அவர் சொன்னது உண்மை. பல இடங்களில் அந்தக் கீற்று ட்ராலியில் இருப்பதில்லை. என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. டம்மியின் நுரையீரல் பையில் பால் இருந்ததை மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ஒருமுறை சுயநினைவு இல்லாத ஒரு நோயாளிக்குக் குழாய் போட்டபோது இருமலே வரவில்லை என்றும், எக்ஸ்-ரே எடுக்க டாக்டர் பிடிவாதம் பிடித்ததால்தான் தப்பித்தது என்றும் சொன்னார். "சவுண்ட் நல்லா கேட்டுதும்மா எனக்கு" என்றார். பிறகு அவரே பேனாவை வாங்கி, ஸ்லைடின் அச்சுப் பிரதியில் முதல் 'அல்லது'வை அதற்கு முன்னால் இருந்ததோடு சேர்த்து அடித்தார்.

செக்லிஸ்ட் எழுத உட்கார்ந்தோம், கடைசியில் மாறியது லெக்சர். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

டம்மி இருமாது

அடுத்த சிக்கல் டம்மி. நிஜ நோயாளிக்குக் குழாய் தவறான வழியில் போனால் இருமுவார், மூச்சுத் திணறும், பேச முடியாது. சுயநினைவு இருப்பவருக்கு இதுதான் முதல் எச்சரிக்கை. டம்மி எதையும் தாங்கிக்கொண்டு படுத்திருக்கும். அதனால்தான் எங்கள் மாணவிகள் குழாயைத் தள்ளப் பழகியிருந்தார்கள், நிறுத்தப் பழகவில்லை. என் பழைய தாளில் 30 வரிகளும் எல்லாம் சரியாக நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் கேட்டன.

எனவே தேர்வாளர் சொல்ல வேண்டிய வசனங்களைத் தாளிலேயே எழுதினோம். குழாய் 25 செ.மீ. அளவுக்குப் போனதும் தேர்வாளர் சொல்ல வேண்டியது: 'நோயாளி விடாமல் இருமுகிறார், உதடு நீலமாகிறது.' இதற்கு மேல் ஒரு வார்த்தைகூடச் சொல்லக்கூடாது. மாணவி உடனே தள்ளுவதை நிறுத்தி, குழாயை வெளியே இழுத்து, நோயாளியை மூச்சுவிட வைக்க வேண்டும். 'கொஞ்சம் பொறுத்துக்கோங்க' என்று சொல்லிக்கொண்டே தள்ளினால் டிக் கிடையாது. முதல் ஒத்திகையில் பாதிப் பேர் அப்படித்தான் தள்ளினார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், அதுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

பிஎச் பார்ப்பதற்கு இரண்டு சின்னக் கப்கள் வைத்தோம். ஒன்றில் வினிகரை நிறைய தண்ணீரில் கலந்து ஒரு துளி பச்சை நிறம் விட்டோம், கீற்றில் 3 காட்டியது. மற்றதில் லேபில் இருக்கும் கேன் தண்ணீர், அதே பச்சைத் துளி. அது 6 காட்டியது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது முக்கியம், நிறத்தை வைத்து ஊகித்துவிடக் கூடாது. கேன் தண்ணீர் தினம் ஒரே எண் காட்டும் என்று சொல்ல முடியாது, தேர்வன்று காலையில் ஒருமுறை கீற்றை நனைத்துப் பார்த்துவிட வேண்டும். மாணவி சிரிஞ்சால் உறிஞ்சியதும் தேர்வாளர் ஒரு கப்பை நீட்டி, 'வந்தது இது' என்பார். 6 காட்டும் கப் வந்தால் சரியான செயல் ஒன்றுதான்: ஃபீட் டம்ளரைத் தொடாமல், எக்ஸ்-ரே வேண்டும் என்று டாக்டருக்குத் தெரிவிப்பதாகச் சொல்வது.

எதை விட்டால் ஃபெயில்

மதிப்பெண் போடும் முறையைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் சண்டை போட்டோம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மதிப்பெண் என்றால், ஸ்க்ரீனை இழுப்பதும் குழாயின் இடத்தைப் பார்ப்பதும் ஒரே எடை. அந்தப் பெண்ணின் 27 அப்படி வந்ததுதான். அதனால் சில வரிகளுக்கு நட்சத்திரம் போடலாம், நட்சத்திர வரி ஒன்று தவறினாலும் மொத்தம் எவ்வளவு வாங்கியிருந்தாலும் மறுதேர்வு என்று முடிவெடுத்தோம். முதல் நாள் பதினோரு நட்சத்திரம் விழுந்தது. ஆளுக்கு ஒன்று முக்கியமாகப் பட்டது. ஒத்திகையில் ஒருவர்கூடத் தேறவில்லை. நாங்களே தேறியிருக்க மாட்டோம்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: இதை மட்டும் விட்டுவிட்டால் இந்த நோயாளிக்கு இன்றைக்கே ஆபத்தா? நான்கு நின்றன. சரியான ஆளா என்று பெயரும் கைப்பட்டையும் பார்ப்பது, அளவெடுப்பது, இருமினால் நிறுத்தி இழுப்பது, ஃபீடுக்கு முன் பிஎச் அல்லது எக்ஸ்-ரே. கைகழுவுவதற்கு நட்சத்திரம் வேண்டாமா என்று ஒருவர் வருத்தப்பட்டார். எனக்கும் மனசு ஒப்பவில்லை. ஆனால் இது சுத்தமான கையுறை போதும் என்கிற ப்ரொசீஜர், கிருமி நீக்கிய கையுறை கேட்பது இல்லை. சிறுநீர்க் குழாய் போடும் தாளில் நிச்சயம் அதற்கு நட்சத்திரம் உண்டு. ஒரு தாளின் நட்சத்திரத்தை இன்னொரு தாளுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அப்புறம் ஒரு மாணவி குழாய் போடுவதைப் போனில் வீடியோ எடுத்து, இரண்டு ஆசிரியைகளைத் தனித்தனியாக மதிப்பிடச் சொன்னோம். புதுத் தாளின் 26 வரிகளில் ஐந்தில் இருவரும் வேறுபட்டார்கள். ஐந்தும் ஒரே சாதி. 'போதுமான அளவு ஜெல்லி தடவினார்', 'நோயாளிக்குத் தைரியம் அளித்தார்' இந்த மாதிரி. போதுமான என்ற சொல் இருந்தால் அங்கே ஆளுக்கு ஒரு அளவு. ஜெல்லி வரியை 'நுனியிலிருந்து சுமார் 15 செ.மீ. வரை தடவினார்' என்று மாற்றினோம். தைரியம் அளிப்பதை எப்படிக் கண்ணால் பார்ப்பது என்று நெடுநேரம் யோசித்தோம். அந்த மூத்த சிஸ்டர்தான் வழி சொன்னார். நோயாளியிடம் 'முடியலன்னா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்' என்று குழாயை நுழைக்கும் முன் சொல்கிறாளா? அது காதில் விழும், டிக் போடலாம். குழாய் தொண்டையில் இருக்கும்போது பேச முடியாதவருக்கு அந்தக் கைதானே பேச்சு.

தாளுக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. மூக்கினுள் தடை வந்தால் ஒரு கை உடனே தளர்ந்து, லேசாகச் சுழற்றி வழி தேடும். இன்னொரு கை அழுத்தும். இதை வரியாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. தாளின் அடியில், தேர்வாளரின் மொத்தக் கருத்துக்கு என்று ஒரு கட்டம் தனியாக விட்டிருக்கிறோம். டிக்குகளைக் கூட்டும் முன்பே அதை நிரப்ப வேண்டும் என்பது நிபந்தனை, இல்லையென்றால் கூட்டல் எண்ணைப் பார்த்துக் கருத்து வளைந்துவிடுகிறது.

அந்தப் பெண் இப்போது வார்டு போஸ்டிங்கில் இருக்கிறாள். புதுத் தாளில் அவளுக்கும் மறுபடி தேர்வு வைத்தோம், 6 காட்டும் கப்தான் வந்தது, டம்ளரைத் தொடவில்லை. போன வாரம் வந்து ஒரு விஷயம் சொன்னாள். வார்டில் ஸ்டாஃப் அக்கா காற்றுத் தள்ளிக் கேட்கச் சொன்னாராம். "நான் கேட்டேன் மேம், சவுண்டும் வந்துச்சு. ஆனா ஆஸ்பிரேட் வரல. எக்ஸ்-ரே வரட்டும்க்கா, அதுக்கப்புறம் ஃபீட் போடலாம்னு சொன்னேன். அக்கா திட்டினாங்க." பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எக்ஸ்-ரே வந்ததாம், குழாய் சரியாகத்தான் இருந்ததாம். மூக்கருகே எத்தனை செ.மீ. என்பதைச் சார்ட்டில் எழுதிவிட்டு ஃபீட் கொடுத்திருக்கிறாள். "சும்மா லேட் பண்ணிட்டேனா மேம்?" என்றாள்.

இல்லை என்றேன். பர்ஸில் இருந்த பிஎச் கீற்று டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அடுத்த வாரம் அந்த வார்டு இன்சார்ஜ் சிஸ்டரைப் பார்த்து, ட்ராலிக்கு ஒரு டப்பா இன்டென்ட் போட முடியுமா என்று கேட்கப் போகிறேன்.